வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனமும் மாணவர் கையில் உள்ள ஆவணங்களும்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, நான் மண்டபம் அருகே ஒரு கடற்கரைக் கிராமத்திலிருந்து ராமநாதபுரத்துக்குப் பேருந்தில் சென்று படிக்கும் பி.எஸ்சி. கணினி அறிவியல் இறுதியாண்டு மாணவி. அடுத்த வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்கள் கல்லூரிக்கு வருகிறது. 120 பேரை எடுக்கப் போகிறார்களாம். அதற்கு முன்பே ஆதார், பான், மதிப்பெண் பட்டியல்கள், பாஸ்புக் முதல் பக்கம், கேன்சல்டு செக், வெள்ளைத் தாளில் கையெழுத்து ஆகியவற்றை வெள்ளிக்கிழமைக்குள் கூகுள் படிவத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பிளேஸ்மென்ட் ஆபீசரோ, "நிறுவனத்தைச் சரிபார்த்த பின்னரே மாணவர்கள் ஆவணங்களைப் பகிர வேண்டும்" என்று எல்லோருக்கும் கடிதம் அனுப்பியிருக்கிறார். கல்லூரி அழைத்து வரும் கம்பெனியை நாங்கள் எப்படிச் சரிபார்ப்பது? கொடுக்காவிட்டால் வாய்ப்புப் போய்விடுமா? என் தோழி எல்லாவற்றையும் ஏற்கெனவே ஏற்றிவிட்டாள். ஆபீசரின் கடிதம், கம்பெனியின் கடிதம் இரண்டின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள மாணவிக்கு,

தன்விவரக் குறிப்பையும் மதிப்பெண் பட்டியல்களின் நகலையும் மட்டும் இப்போது அனுப்புங்கள். மற்ற எதையும் வெள்ளிக்கிழமைக்குள் ஏற்ற வேண்டியதில்லை. நிறுவனங்களுக்காகக் கல்லூரி கல்லூரியாகச் சென்று ஆளெடுக்கும் பணியில் பல ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். வேலைக்கு ஏற்றவரா என்று பார்க்கும் கட்டத்தில் ஒருவருடைய ஆதார் எண்ணாலோ வங்கிக் கணக்கு எண்ணாலோ எங்களுக்கு எந்தப் பயனும் இருந்ததில்லை. வருமான வரிப் பிடித்தத்துக்காகப் பான் எண்ணும், வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்காக ஆதாரும், சம்பளம் போடுவதற்காக வங்கி விவரமும் பணியில் சேரும் நாளில்தான் தேவைப்படுகின்றன. சில நல்ல நிறுவனங்கள்கூட இரண்டு முறை கேட்கும் வேலையை மிச்சப்படுத்துவதற்காக எல்லாவற்றையும் முதலிலேயே கேட்டு வைப்பதுண்டு என்பதால், முன்கூட்டியே கேட்டதை மட்டும் வைத்து ஒரு நிறுவனத்தை மோசடி என்று முடிவு செய்துவிட முடியாது. ஆனால் கேட்டுவிட்டார்கள் என்பதற்காக நீங்கள் கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

சரிபார்ப்பது என்றவுடன் பலரும் நிறுவனத்தின் பெயரை இணையத்தில் தேடி, அழகான வலைத்தளம் ஒன்று வந்தால் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். உண்மையில் இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. உங்கள் கல்லூரிக்குக் கடிதம் அனுப்பியவர் அந்த நிறுவனத்தின் ஆள்தானா என்பது இரண்டாவது. ஏமாற்றுபவர்களுக்கு, இல்லாத ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்வதைவிட, நன்றாக நடந்துகொண்டிருக்கும் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் எடுத்துக்கொள்வதே எளிது. அப்போது முதல் கேள்விக்கு "ஆம்" என்ற பதில் தானாகவே கிடைத்துவிடும். நீங்கள் அனுப்பிய கடிதத்தை வைத்தே இவை இரண்டையும் பார்ப்போம்.

அந்தக் கடிதத்தின் தலைப்பில் நிறுவனத்தின் பெயர், சின்னம், ஒரு கைபேசி எண், ஒரு ஜி.எஸ்.டி. எண் ஆகியவை இருக்கின்றன, சி.ஐ.என். எனப்படும் நிறுவன அடையாள எண் இல்லை. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 12-வது பிரிவின்படி, ஒரு நிறுவனம் தன் பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என்., தொலைபேசி எண், மின்னஞ்சல் ஆகியவற்றைத் தன் அலுவல் கடிதங்கள் எல்லாவற்றிலும் அச்சிட வேண்டும். கவனக்குறைவால் இதை விட்டுவிடும் சிறு நிறுவனங்கள் உண்டு. ஆகவே இது குற்றத்துக்குச் சான்று ஆகாது. கேட்டுப் பெற வேண்டிய முதல் தகவல் எது என்பதைத்தான் இது காட்டுகிறது.

சி.ஐ.என். என்பது 21 எழுத்துகளும் எண்களும் கலந்தது. கோயம்புத்தூரில் பதிவான ஒரு தனியார் நிறுவனத்துக்கு அது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
U72200TZ2011PTC0XXXXX
```

முதல் எழுத்து `U` என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனம். அடுத்த ஐந்து எண்கள் பதிவின்போது சொன்ன தொழிலைக் குறிக்கும்; 2011-இல் பதிவானவற்றில் 72 என்று தொடங்கினால் மென்பொருள் சார்ந்தது, 51 என்று தொடங்கினால் மொத்த வியாபாரம்; அண்மையில் பதிவானவற்றில் இவை 62, 46. பிறகு வரும் இரண்டு எழுத்துகள் எந்தப் பதிவாளர் அலுவலகம் என்பதைச் சொல்லும். கோயம்புத்தூர் பதிவாளரிடம் பதிவானவற்றுக்கு `TZ`, சென்னையில் பதிவானவற்றுக்கு `TN`. அடுத்து வருவது பதிவான ஆண்டு. இந்த எண்ணையோ நிறுவனத்தின் பெயரையோ `mca.gov.in` தளத்தில் `View Company/LLP Master Data` என்ற பகுதியில் இட்டால், பதிவு அலுவலக முகவரி, இயக்குநர்களின் பெயர்கள், கடைசியாக எந்த ஆண்டின் இருப்புநிலைக் குறிப்பைத் தாக்கல் செய்தார்கள், நிறுவனம் இயக்கத்தில் உள்ளதா, பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டதா என்ற விவரங்கள் கிடைக்கும். தளம் உள்நுழையச் சொன்னால் கட்டணமின்றிக் கணக்குத் தொடங்கிக்கொள்ளலாம். பதிவு அலுவலக முகவரி ஒரு கணக்குத் தணிக்கையாளரின் அலுவலகமாக இருந்தால் அதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம். சிறு நிறுவனங்களில் அது வழக்கம்தான். தொழில் மாறியும் பழைய எண்ணிலேயே நிற்கும் நிறுவனங்களும் இருக்கின்றன.

கடிதத்தில் உள்ள பெயரை அந்தத் தளத்தில் தேடிப் பார்த்தேன். அந்தப் பெயரில் நிறுவனம் இருக்கிறது. 2011-இல் பதிவானது, இயக்கத்தில் உள்ளது. இத்தோடு நின்றிருந்தால் நானும் "சரி, கொடுக்கலாம்" என்று எழுதியிருப்பேன். ஆனால் கடிதத்தின் ஜி.எஸ்.டி. எண் வேறு கதை சொல்கிறது. 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலத்தைக் குறிக்கும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பதிவு செய்தவருடைய பான் எண். பானின் நான்காவது எழுத்து அது யாருடையது என்பதைச் சொல்லும்: நிறுவனத்துக்கு `C`, தனிமனிதருக்கு `P`, கூட்டு வணிகத்துக்கு `F`. ஜி.எஸ்.டி. எண்ணில் அது ஆறாவது எழுத்தாக வரும். பிரைவேட் லிமிடெட் என்று சொல்லிக்கொள்ளும் இந்தக் கடிதத்தில் ஆறாவது எழுத்து `P`. `gst.gov.in` தளத்தில் `Search Taxpayer` என்ற இடத்தில் உள்நுழையாமலேயே அந்த எண்ணை இட்டுப் பார்த்தபோது, சட்டப்படியான பெயராக ஒரு தனிநபரின் பெயரும், வணிகப் பெயராக வேறொரு பெயரும், கோயம்புத்தூர் அல்லாத வேறு ஊரின் முகவரியும் வந்தன. அந்தப் பெயரை இங்கே எழுதுவது முறையல்ல. நீங்களும் உங்கள் ஆபீசரும் அந்தப் பக்கத்தைத் திறந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இதற்கு இரண்டு விளக்கங்கள் இருக்க முடியும். அந்த நிறுவனத்துக்காக ஆள் பிடித்துத் தரும் முகவர் ஒருவர், நிறுவனத்தின் பெயரைத் தலைப்பில் போட்டுத் தன்னுடைய ஜி.எஸ்.டி. எண்ணைக் கீழே இட்டிருக்கலாம். அப்படியானால் நிறுவனம் அவருக்குக் கொடுத்த அங்கீகாரக் கடிதம் இருக்கும். கேட்டால் தயங்காமல் காட்டுவார். அப்போது இன்னொன்றையும் கேட்டுவிட வேண்டும்: பணி நியமன ஆணை யாருடைய பெயரில் வரும், வைப்பு நிதியை யார் கட்டுவார்கள்? முகவரின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு இன்னொரு நிறுவனத்தில் வேலை பார்ப்பது சட்டத்துக்கு விரோதமானதல்ல. ஆனால் நிறுவன வேலை என்று நம்பிச் சேர்ந்தவருக்கு அது முதல் மாதச் சம்பளச் சீட்டில்தான் தெரியவரும் என்றால் அது நியாயமும் அல்ல. இரண்டாவது விளக்கம், நிறுவனத்துக்குத் தெரியாமலேயே அதன் பெயர் பயன்படுத்தப்படுகிறது என்பது.

120 பேர் என்ற எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். வருங்கால வைப்பு நிதி அமைப்பின் தளத்தில் `Establishment Search` என்ற வசதி இருக்கிறது. நிறுவனத்தின் பெயரை இட்டால், அது ஒவ்வொரு மாதமும் எத்தனை பேருக்கு வைப்பு நிதி செலுத்தியது என்பது வரிசையாக வரும். இந்தப் பெயரில் உள்ள நிறுவனம் அண்மை மாதங்களில் 50 பேருக்கும் குறைவாகவே செலுத்தியிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் உள்ள சிலர் இந்தக் கணக்கில் வராமல் போகலாம் என்பதால் உண்மையான பணியாளர் எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாக இருக்கக்கூடும். இருந்தாலும் இந்த அளவிலான நிறுவனம் ஒரே கல்லூரியில் 120 பேரை எடுக்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம், ஒரு புதிய ஒப்பந்தமோ புதிய கிளையோ, இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இதுவரை சொன்னவை எல்லாம் உங்கள் கைபேசியிலேயே அரை மணி நேரத்தில் பார்த்துவிடக் கூடியவை. இரண்டாவது கேள்விக்கு, அதாவது வந்தவர் உண்மையான ஆள்தானா என்பதற்கு, எந்தத் தளத்திலும் விடை கிடையாது. அதைக் கல்லூரிதான் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியும். உங்கள் ஆபீசர் எழுதிய கடிதம் நல்ல எண்ணத்தில் எழுதப்பட்டது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பல கல்லூரிகளில் அந்த அளவுகூட எழுதுவதில்லை. ஆனால் அந்தக் கடிதம் பாதி வேலையை மாணவர்களிடம் கொடுத்துவிட்டு, கல்லூரி செய்ய வேண்டிய மறுபாதியைச் சொல்லாமல் விட்டிருக்கிறது. ஒரு மாணவி தொலைபேசியில் அழைத்தால் வரவேற்பறையோடு பேச்சு முடிந்துவிடும். கல்லூரியின் தொலைபேசியிலிருந்து ஓர் அலுவலர் அழைத்தால் மனிதவளப் பிரிவு வரை இணைப்புக் கொடுப்பார்கள். ஆகவே நீங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து அவரைச் சந்தித்து, நான் மேலே சொன்ன ஜி.எஸ்.டி. பக்கத்தைக் காட்டுங்கள். கம்பெனியின் கடிதத்தில் உள்ள கைபேசி எண்ணை அவர் அழைக்கக் கூடாது. நிறுவனத்தின் சொந்த வலைத்தள முகவரியை அவரே தட்டச்சு செய்து, அதில் உள்ள அலுவலக எண்ணை அழைக்க வேண்டும். இந்தத் தேதியில் எங்கள் கல்லூரிக்கு வருகிறீர்களா, இந்தக் கடிதத்தில் கையெழுத்திட்டவர் உங்கள் ஊழியரா முகவரா, இந்த ஆவணங்களைக் கேட்டது நீங்கள்தானா என்ற மூன்றையும் கேட்டு, பதிலை நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுத்தில் பெற வேண்டும். நிறுவனத்தின் பெயரோடு `-hr` அல்லது `-careers` என்று ஒட்டிய வேறொரு முகவரியிலிருந்து வரும் பதில் இதற்கு ஈடாகாது; அப்படி ஒரு முகவரியைச் சில நூறு ரூபாய் செலவில் யாரும் வாங்கிவிடலாம்.

கூகுள் படிவத்திலும் ஒரு சிறு அடையாளம் இருக்கிறது. ஒரு நிறுவனம் தன் அலுவலகக் கணக்கில் உருவாக்கிய படிவமானால் அதன் அடியில், இன்ன அமைப்புக்குள் உருவாக்கப்பட்டது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். சாதாரண ஜிமெயில் கணக்கில் உருவாக்கியதில், இதைக் கூகுள் உருவாக்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை என்ற வரி மட்டுமே காணப்படும். படிவத்தில் ஏற்றும் கோப்புகள் நேராகப் படிவத்தின் உரிமையாளருடைய சேமிப்பகத்துக்குப் போய்விடும். அங்கே போனதை நீங்கள் பிறகு அழிக்க முடியாது.

வாய்ப்புப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு மாணவி தனியாக மறுத்தால் அவளுடைய பெயர் விடுபடக்கூடும். இதை மறைக்க விரும்பவில்லை. கல்லூரி எல்லோருக்குமாகச் சேர்த்து எழுதினால், ஆள் தேவைப்படும் எந்த நிறுவனமும் இதற்காகத் திரும்பிப் போவதில்லை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கி ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் இந்த நாட்களில், வீட்டில் வருமானம் இல்லாதபோது "கேட்டதைக் கொடுத்துவிடு" என்று பெற்றோர் சொல்வதன் நெருக்கடியும் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதைத் தனி மாணவியின் தலையில் வைக்காமல் கல்லூரியின் கடிதமாகப் போகட்டும் என்கிறேன். அந்தக் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் நிறுவனத்தின் வளாகத் தேர்வுக்கு எங்கள் மாணவர்களின் தன்விவரக் குறிப்பையும் மதிப்பெண் பட்டியல் நகல்களையும் இத்துடன் அனுப்புகிறோம். மூலச் சான்றிதழ்களைத் தேர்வு நாளன்று மாணவர்கள் கொண்டுவந்து காட்டி, உடனே திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். ஆதார், பான், வங்கி விவரங்களைப் பணி நியமன ஆணை கிடைத்த பின் பணியில் சேரும்போது ஒப்படைப்பார்கள். தங்கள் நிறுவனத்தின் சி.ஐ.என். எண்ணையும், வருகை தரும் அலுவலருக்கு நிறுவனம் வழங்கிய அங்கீகாரக் கடிதத்தையும் தேர்வு நாளுக்கு முன் அனுப்பி வைக்க வேண்டுகிறோம்."

அடையாளச் சான்று ஏதாவது இப்போதே வேண்டும் என்று நிறுவனம் வற்புறுத்தினால், கல்லூரி அடையாள அட்டை போதும். அதையும் ஏற்காவிட்டால் `myaadhaar.uidai.gov.in` தளத்தில் முதல் எட்டு எண்கள் மறைக்கப்பட்ட ஆதாரைப் பதிவிறக்கலாம். பதிவிறக்கும்போது `masked` என்ற தெரிவைச் சொடுக்க வேண்டும். அதை அச்செடுத்து, "இன்ன நிறுவனத்தின் வளாகத் தேர்வுக்கு மட்டும்" என்று தேதியுடன் எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத்து தாளின் ஓரத்தில் இல்லாமல் புகைப்படத்தையும் பெயரையும் குறுக்கே கடந்து செல்ல வேண்டும். ஓரத்தில் எழுதியதை ஒரு நொடியில் வெட்டி எறிந்துவிடலாம். வெள்ளைத் தாளில் தனியாகக் கையெழுத்து எந்தக் கட்டத்திலும் கொடுக்க வேண்டாம். அதை எந்த விண்ணப்பத்தின் அடியிலும் ஒட்டிவிட முடியும். கேன்சல்டு செக் கொடுக்க வேண்டிய நாள் வரும்போதும் அதில் கையெழுத்திடத் தேவையில்லை. குறுக்கே இரண்டு கோடுகளிட்டு `CANCELLED` என்று எழுதினால் போதும்.

தேர்வு நாளன்று மிகவும் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. "சம்பளக் கணக்கு இப்போதே தொடங்கித் தருகிறோம்" என்று ஒருவர் கைபேசியோடு மேசை போட்டு உட்கார்ந்து ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கேட்டால், அங்கேயே எழுந்துவிடுங்கள். அப்படித் தொடங்கும் கணக்கின் ஏ.டி.எம். அட்டையும் அதோடு இணைந்த சிம்மும் வேறொருவரிடம் போய்ச் சேர்ந்தால், எங்கோ யாரையோ ஏமாற்றிப் பறித்த பணம் உங்கள் பெயரில் உள்ள கணக்கு வழியாகக் கடந்து போகும். காவல் துறையின் விசாரணைக் கடிதம் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய வீட்டுக்குத்தான் வரும். உண்மையான நிறுவனம் சம்பளக் கணக்கைப் பெரும்பாலும் பணியில் சேரும்போதுதான் வங்கியின் வழியாகத் தொடங்கும். பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி முன்பணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் தோழிக்கு. அவர் பயப்படுவதைவிட இன்றே சிலவற்றைச் செய்துவிடுவது நல்லது. படிவத்தின் இணைப்பையும், அது வந்த செய்தியையும், படிவத்தின் முழுப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளட்டும். இத்தகைய படிவங்கள் பிறகு காணாமல் போய்விடும். `myaadhaar` தளத்திலேயே கைரேகைப் பூட்டைப் போடலாம். ஆதார் எண்ணையும் கைரேகையையும் கொண்டு வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் வழியை அது அடைத்துவிடும். வீட்டுக்கு ரேஷன் வாங்கக் கைரேகை வைப்பவர் அவராக இருந்தால், கடைக்குப் போகும் நாளில் பூட்டைத் தற்காலிகமாகத் திறந்துகொள்ள வேண்டும். அதே தளத்தில் கடந்த ஆறு மாதங்களில் அவருடைய ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும். `sancharsaathi.gov.in` தளத்தில் அவருடைய பெயரில் எத்தனை கைபேசி இணைப்புகள் இருக்கின்றன என்று பார்த்து, தன்னுடையதல்லாத எண் இருந்தால் அங்கேயே குறித்துப் புகார் செய்யலாம். படிவத்தை அனுப்பியவர் நிறுவனத்தின் ஆள் அல்ல என்று கல்லூரியின் விசாரணையில் தெரிந்தால் `cybercrime.gov.in` தளத்திலோ மாவட்ட சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ புகார் கொடுக்க வேண்டும். பணம் போயிருந்தால் விசாரணைக்குக் காத்திராமல் அந்த நிமிடமே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

பான் எண் வெளியே போயிருப்பதால், அவருடைய பெயரில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. நான்கையும் ஒரே நாளில் எடுத்துவிட வேண்டாம். இன்று வாங்கிய கடன் அறிக்கையில் ஏறுவதற்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால், இப்போது ஒரு நிறுவனத்தின் அறிக்கையையும், மூன்று மாதம் கழித்து இன்னொன்றையும், அதன்பின் அதே இடைவெளியில் மற்ற இரண்டையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.